எதில் அறுபத்தாறு சதவீதம்?

(கிருஷ்ணன்கோவிலில் கட்டடப் பொறியியல் மாணவர்களுக்கும் இளம் சைட் இன்ஜினியர்களுக்கும் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



2022 செப்டம்பரில் மதுரையே ஒரு சதவீதத்தைப் பற்றிப் பேசியது. இங்கே இருப்பவர்களில் பலர் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். பாரதிய ஜனதா கட்சியின் அன்றைய தேசியத் தலைவர் ஜே.பி. நட்டா மதுரைக்கு வந்து, தோப்பூர் எய்ம்ஸ் பணிகள் 95 சதவீதம் முடிந்துவிட்டதாகச் சொன்னார். மறுநாள் மாணிக்கம் தாகூர், சு. வெங்கடேசன் என்ற இரண்டு எம்.பி.க்கள் தோப்பூருக்கே போய், காலி நிலத்தில் நின்று படம் எடுத்து வெளியிட்டார்கள். கட்டடம் எங்கே என்று ஊரெல்லாம் கேட்டது. பிறகு வந்த விளக்கம் இது: 95 சதவீதம் என்றது கட்டுமானத்துக்கு முந்தைய ஆயத்தப் பணிகளை.

அரசியலை அரசியல்வாதிகளுக்கு விட்டுவிடுவோம். நம் தொழிலுக்கு அதில் ஒரு செய்தி இருக்கிறது. அந்த விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொண்டால் 95-ம் உண்மை, காலி நிலமும் உண்மை. சுற்றுச்சுவர், நில அளவை, மண் பரிசோதனை போன்ற ஆயத்த வேலைகளை மட்டும் நூறு என்று வைத்தால் 95 வரலாம். மருத்துவமனை முழுவதையும் நூறு என்று வைத்தால் அன்றைக்குப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் வரும். அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரி 27-ல். ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்தோடு கடன் ஒப்பந்தம் கையெழுத்தானது 2021 மார்ச்சில். கட்டுமானம் உண்மையில் தொடங்கியது 2024 மார்ச்சில். 1,264 கோடி என்று ஆரம்பித்த மதிப்பீடு அதற்குள் 1,977 கோடியைத் தாண்டிவிட்டது. முதல் அணி மாணவர்கள் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் உட்கார்ந்து படித்தார்கள்.

ஆகவே, ஒரு சதவீதம் காதில் விழுந்ததும் நீங்கள் கேட்க வேண்டியது, எதில் இத்தனை சதவீதம் என்பதுதான். முன்னேற்றக் கூட்டத்தில் காட்டும் பிபிடியில் அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் பதில் இருக்காது. பிபிடி எழுதுகிறவர் பொய் சொல்கிறார் என்பதல்ல. ஒரு ஸ்லைடில் ஒரு பெரிய எண், ஒரு வட்டப்படம், ஒரு பச்சை விளக்கு ஆகியவைதான் அடங்கும். கூட்டத்தில் இருபது நிமிடம் பேசுவதற்காக அது செய்யப்பட்டது. ஆறு மாதம் கழித்து, தாமதம் யாரால், அபராதம் யாருக்கு என்ற சண்டை வரும்போது கையில் எடுத்துப் படிப்பதற்காக அல்ல. அந்தச் சண்டையில் நிற்க வேண்டியது சைட் ரிப்போர்ட். மாதா மாதம் ஒப்பந்ததாரரோ, மேற்பார்வை ஆலோசகரோ கொடுக்கும் பிபிடியை எடுத்து அப்படி ஒரு ரிப்போர்ட்டாக மாற்றும் வேலை பெரும்பாலும் உங்களைப் போன்ற புதுசாகச் சேர்ந்த இன்ஜினியர் தலையில்தான் விழும். "பத்து ஸ்லைடுதானே, வேர்டில் போட்டுக் குடு தம்பி" என்பார்கள். ஸ்லைடில் இருப்பதை வரிவரியாக வேர்டில் தட்டினால் அதற்குப் பெயர் ரிப்போர்ட் இல்லை. நீளமான பிபிடி, அவ்வளவுதான்.

எப்படி மாற்றுவது என்று ஒரே ஒரு கட்டடத்தை வைத்துப் பார்க்கலாம். இது நான் கணக்குக்காக அமைத்துக்கொண்டது. எண்களும் நான் போட்டவை. ஒரு மாணவியர் விடுதி. தரைத்தளமும் மேலே இரண்டு மாடியும். ஒப்பந்தம் 600 லட்ச ரூபாய். ஏப்ரல் 1 அன்று தொடங்கி அடுத்த ஜூன் 30-க்குள் முடிய வேண்டும், பதினைந்து மாதம். பிப்ரவரி 28 வரை பதினோரு மாதம் போய்விட்டது. அன்றைய பிபிடி நம் கையில் இருக்கிறது. முதல் ஸ்லைடில் டிரோன் படம். இரண்டாவதில் கொட்டை எழுத்தில், ஒட்டுமொத்த முன்னேற்றம் 66 சதவீதம்.

முதலில் ஃபைலைக் கேளுங்கள். பி.டி.எஃப். வேண்டாம், மூல பிபிடியே வேண்டும். அதில் இருக்கும் வரைபடத்தின் மேல் வலது கிளிக் செய்து `Edit Data` கொடுத்தால் அதற்குப் பின்னால் இருக்கும் எக்ஸெல் தாள் பல நேரம் திறந்துவிடும். ஸ்லைடில் "ஏறக்குறைய 70" என்று தெரியும் பட்டைக்குப் பின்னால் 63.8 இருக்கலாம். மறைத்து வைத்த ஸ்லைடுகள் இருக்கலாம். ஸ்லைடுக்குக் கீழே பேச்சாளர் குறிப்பில், "கேட்டால் மட்டும் சொல்லவும்" என்று எழுதியதைக்கூட நான் பார்த்திருக்கிறேன். அதற்கு அடுத்தபடி தேதி. ஒரே பிபிடியில் கான்கிரீட் அளவு 28-ம் தேதி வரைக்கும், மின்வேலை 15-ம் தேதி வரைக்கும், போட்டோ போன மாதத்ததாகவும் இருப்பது சாதாரணம். ஒவ்வொரு எண்ணுக்கும் அது எந்தத் தேதி நிலவரம், எந்த ஸ்லைடு என்று பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். தேதி இல்லாத எண்ணுக்கு "தேதி குறிப்பிடப்படவில்லை" என்றே எழுதுங்கள். ஊகித்து நிரப்பாதீர்கள்.

இப்போது அந்த 66 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஐந்தாவது ஸ்லைடில் வேலைவாரியாகக் கொடுத்திருக்கிறார்கள். அஸ்திவாரம் முதல் பேஸ்மட்டம் வரை 100. தூண், பீம், ரூஃப் சேர்ந்த ஆர்.சி.சி. வேலை 85. சுவர் 60. பூச்சு 30. மின்சாரமும் குழாயும் 55. இந்த ஐந்தையும் கூட்டினால் 330. ஐந்தால் வகுத்தால் 66. அவ்வளவுதான் கணக்கு! சுவருக்கும் அஸ்திவாரத்துக்கும் ஒரே எடை. அதைவிட முக்கியம், டைல்ஸ், கதவு, ஜன்னல், பெயிண்ட் எல்லாம் இன்னும் தொடங்கவில்லை என்பதால் பட்டியலிலேயே இல்லை. தொடங்காத வேலையைப் பூஜ்யம் என்று ஆறாவதாகச் சேர்த்தால், வேறு எதையும் தொடாமலே 66 என்பது 55 ஆகிவிடும். எனவே பிபிடியில் பட்டியலைப் பார்த்தவுடன் ஒப்பந்த அட்டவணையைப் பக்கத்தில் வைத்து, எது விடுபட்டிருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்தது எடை போடுவது. ஒப்பந்த அட்டவணையில் ஒவ்வொரு பகுதிக்கும் பணம் இருக்கிறது. நம் விடுதியில் அஸ்திவாரம் 90 லட்சம், ஆர்.சி.சி. 180, சுவர் 70, பூச்சு 50, தரையும் கதவும் பெயிண்டுமான முடிப்பு வேலை 130, மின்சாரமும் குழாயும் 80. மொத்தம் 600. பிபிடி சொல்லும் சதவீதத்தை அப்படியே நம்பி இந்தத் தொகைகளோடு பெருக்கினால், 90, 153, 42, 15, 0, 44 என்று வருகிறது. கூட்டினால் 344 லட்சம். 600-ல் அது 57 சதவீதம். ஒப்பந்ததாரர் சொன்ன எந்த எண்ணையும் நாம் இன்னும் மறுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் எண்களையே வைத்து, வகுக்கும் எண்ணை மட்டும் சரி செய்தோம். ஒன்பது புள்ளி போய்விட்டது.

மூன்றாவதாகத்தான் சைட்டுக்குப் போக வேண்டும். கையில் எம்-புக், அதாவது அளவுப் புத்தகம் வேண்டும். கான்கிரீட் போட்ட நாளுக்கான போர் கார்டும், கியூப் சோதனைப் பதிவேடும் வேண்டும். ஆர்.சி.சி. 85 என்கிறார்கள். போய்ப் பார்த்தால் மொட்டைமாடி ரூஃபுக்கு சென்ட்ரிங் அடித்திருக்கிறது, கம்பி கட்டி முடிந்திருக்கிறது, கான்கிரீட் இன்னும் போடவில்லை. கீழே நின்று படம் எடுத்தால் ரூஃப் முடிந்த மாதிரியே தெரியும். பிபிடியில் இருக்கும் படமும் கீழே நின்று எடுத்ததுதான். எம்-புக்கில் பதிவான கான்கிரீட் அளவு மொத்தத்தில் 70 சதவீதம். ஆகவே 153 லட்சம் இல்லை, 126.

இங்கே ஒரு நியாயமான வாதம் வரும். "சார், கம்பியும் சென்ட்ரிங்கும் வேலை இல்லையா, அதற்கு மதிப்பே கிடையாதா?" உண்டு. ரூஃப் வேலையில் சென்ட்ரிங்குக்கு இவ்வளவு பங்கு, கம்பிக்கு இவ்வளவு, கான்கிரீட்டுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தத்திலோ முதல் மாத ரிப்போர்ட்டிலோ முன்கூட்டியே எழுதி ஒப்புக்கொண்டிருந்தால் தாராளமாகச் சேர்க்கலாம். கம்பிக்கும் சென்ட்ரிங்குக்கும் தனித்தனி ரேட் இருக்கும் ஒப்பந்தத்தில் அவை தனியாகவே அளக்கப்படும். கூடாதது ஒன்றுதான். பதினோராவது மாதத்தில் எண் குறைகிறது என்பதற்காகப் புதிதாக ஒரு பங்கு கண்டுபிடிக்கக் கூடாது. நம் விடுதியில் முன்கூட்டி அப்படி எதுவும் எழுதவில்லை என்று வைத்துக்கொள்கிறேன். அதனால் கான்கிரீட் அளவே அளவு. ரிப்போர்ட்டில் "மொட்டைமாடி ரூஃப்: சென்ட்ரிங், கம்பி முடிந்தது, கான்கிரீட் நிலுவை" என்று தனியாக ஒரு வரி இருக்கட்டும். செய்த வேலை மறையாது, எண்ணும் கெடாது.

மின்சாரமும் குழாயும் 55 என்றது இன்னும் வேடிக்கை. ஸ்டோர் ரூமில் பி.வி.சி. குழாயும், ஸ்விட்ச் போர்டும், ஒயர் சுருளும் அடுக்கி வைத்திருக்கின்றன. வாங்கிய பில்லை வைத்து 55 போட்டிருக்கிறார்கள். சுவரிலும் ரூஃபிலும் பதித்தது 20 சதவீதம்தான். வந்து இறங்கிய பொருளுக்கு ஒப்பந்தப்படி முன்பணம் கொடுப்பது உண்டு. அது பணக் கணக்கு. வேலைக் கணக்கில் அதற்கு இடம் கிடையாது. பல பிபிடிகளில் பௌதிக முன்னேற்றம் என்று தலைப்புப் போட்டு, உள்ளே கொடுத்த பணத்தை மொத்தப் பணத்தால் வகுத்து வைத்திருப்பார்கள். ஆரம்பத்தில் கொடுத்த மொபிலைசேஷன் அட்வான்ஸும் அதற்குள் இருக்கும். அப்படியானால் மண்வெட்டி தரையில் படுவதற்கு முன்பே பத்து சதவீதம் முடிந்த கட்டடம் நமக்குக் கிடைத்துவிடும். ரிப்போர்ட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள், ஒன்றோடொன்று கலக்காதீர்கள். பணம் வேலையை விட வெகுதூரம் முன்னால் ஓடினால் ஒப்பந்தத்தை நடத்துகிறவர் கவனிக்க வேண்டும். வேலை பணத்தை விட முன்னால் ஓடினால் பில் எங்கோ தூங்குகிறது. இரண்டாவது நடந்தால் அடுத்த மாதம் ஆள் குறையும், நீங்களே பார்ப்பீர்கள்.

இதே மாதிரி சுவர் 60 என்றது அளந்தால் 50. பூச்சு 30 என்றது 20, ஏனென்றால் வெளிப்பூச்சை மறந்து உள்பூச்சை மட்டும் நூறாக வைத்திருக்கிறார்கள். இப்போது கூட்டுங்கள். 90, 126, 35, 10, 0, 16. மொத்தம் 277 லட்சம். 600-ல் 46 சதவீதம்.

66, 57, 46. மூன்றையும் ரிப்போர்ட்டில் எழுத வேண்டும் என்பது என் கட்சி. "பிபிடியில் கூறியது 66 (ஸ்லைடு 2). அதே எண்களை ஒப்பந்தத் தொகைப்படி எடை போட்டால் 57. கூட்டாக அளந்தது 46." வெறும் 46 என்று எழுதினால் ஒப்பந்ததாரர், "நீ எப்படிக் குறைத்தாய்?" என்று சண்டைக்கு வருவார். மேலே இருப்பவர், "போன வாரம் 66 என்றார்களே, இடிந்துவிட்டதா?" என்று கேட்பார். மூன்று எண்ணும் இருந்தால், முதல் இறக்கம் கணக்குப் போட்ட முறையால், இரண்டாவது இறக்கம் அளவால் என்று படிக்கிறவருக்கே தெரிந்துவிடும். யாரையும் குற்றம் சாட்டும் அவசியம் உங்களுக்கு வராது.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. பணத்தை எடையாக வைத்தால் விலை கூடிய பொருள் பெரிதாகத் தெரியும். லிஃப்டை ஒரே நாளில் பொருத்தினால் சதவீதம் எகிறும். மொட்டைமாடிக்கு நீர்க்கசிவுத் தடுப்பு போடுவது சின்னத் தொகை, ஆனால் அது முடியாமல் மேல்மாடிப் பெயிண்ட் தொடங்க முடியாது. சாலை வேலைக்கு இது இன்னும் பொருந்தும். இந்த ஊர் வழியாகப் போகும் 744-ம் எண் தேசிய நெடுஞ்சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். திருமங்கலம்–ராஜபாளையம் நான்கு வழித் திட்டத்தை இரண்டு பேக்கேஜாகப் பிரித்தார்கள். திருமங்கலத்திலிருந்து வடுகபட்டி வரை 36 கிலோமீட்டர், வடுகபட்டியிலிருந்து தெற்கு வெங்காநல்லூர் வரை 35.6 கிலோமீட்டர். அந்தப் பேக்கேஜ்களின் நிலவரத்தை நான் இங்கே பேசவில்லை. நீளத்தை மட்டும் கணக்குக்கு எடுக்கிறேன். 35.6 கிலோமீட்டரில் 34 கிலோமீட்டருக்குத் தார் போட்டு, மீதி 1.6 கிலோமீட்டரில் ஒரு பாலம் நின்றுகொண்டிருந்தால், நீளத்தில் 95 சதவீதம் முடிந்தது. பஸ் டிரைவரைக் கேட்டால் பாதைதான் இல்லை என்பார். அதனால் சாலை ரிப்போர்ட்டில் நீளத்துக்கு ஒரு பத்தி, பாலம், கல்வெர்ட்டு முதலியவற்றுக்குத் தனிப் பத்தி, ஒவ்வொரு பாலமும் பெயரோடும் கிலோமீட்டர் எண்ணோடும் இருக்க வேண்டும்.

கணினியில் அட்டவணை போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்டில் `% Complete` என்று வருவது கால அளவில் எவ்வளவு கழிந்தது என்பது. வேலை அளவு அல்ல. அதற்கு `Physical % Complete` என்று தனிக் கட்டம் இருக்கிறது. அதை நீங்கள்தான் அளந்து நிரப்ப வேண்டும். முதலாவதை எடுத்து ஸ்லைடில் ஒட்டிவிட்டுப் பௌதிக முன்னேற்றம் என்று தலைப்புக் கொடுப்பது அடிக்கடி நடக்கிறது.

இனி தாமதத்துக்கு வருவோம். நம் விடுதியின் நான்காவது ஸ்லைடு, "திட்டம் 68, நடந்தது 66, தாமதம் 12 நாள்" என்கிறது. ஒன்பதாவது ஸ்லைடு தாமதத்துக்கான காரணங்கள் என்று மூன்றைச் சொல்கிறது. மழை 45 நாள், ஆள் பற்றாக்குறை 30 நாள், எம்-சாண்ட் தட்டுப்பாடு 25 நாள். ஆக மொத்தம் 100 நாள். பன்னிரண்டு நாள் தாமதத்துக்கு நூறு நாள் காரணமா? ஒரே பிபிடிக்குள் இரண்டு ஸ்லைடு ஒன்றையொன்று பார்க்காமல் நிற்கின்றன. ஸ்லைடு ஸ்லைடாகப் படித்தால் இது கண்ணில் படாது. எண்களை எல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதினால்தான் படும்.

விளக்கம் இதுதான். 12 நாள் என்பது டிசம்பரில் திருத்தி எழுதிய அட்டவணையோடு ஒப்பிட்டது. திருத்தம் வந்தவுடன் பழைய தாமதம் எல்லாம் திட்டத்துக்குள்ளேயே போய்விட்டது. மூல அட்டவணைப்படி மொட்டைமாடி ரூஃப் நவம்பர் 30-ல் போட்டிருக்க வேண்டும். பிப்ரவரி 28 வரை போடவில்லை. டிசம்பர் 31, ஜனவரி 31, பிப்ரவரி 28, சேர்த்தால் 90 நாள். திருத்திய அட்டவணை தப்பில்லை. வேலையை நடத்த அது தேவை. ஆனால் ரிப்போர்ட்டில் முதல் பத்தியில் மூல ஒப்பந்தத் தேதியே இருக்க வேண்டும். இரண்டாவது பத்தியில் திருத்திய தேதி, அதை யார் எந்தக் கடிதத்தில் ஏற்றார்கள் என்ற விவரத்தோடு வரலாம். ஏற்றதற்குக் கடிதம் இல்லையென்றால் அது ஒப்பந்ததாரரின் ஆசை. திருத்தம் என்று எழுத முடியாது.

தாமதத்தைச் சதவீதத்தில் சொல்லாமல் நாளில் சொல்லுங்கள். எந்த வேலை பிந்தினால் கட்டடமே பிந்துமோ அந்த வேலையின் நாளைச் சொல்லுங்கள். சுற்றுச்சுவர் நாற்பது நாள் பிந்தினால் விடுதி திறப்பது பிந்தாது. ரூஃப் பிந்தினால் அதற்குக் கீழே பூச்சு, மேலே தண்ணீர்த் தொட்டி, உள்ளே மின்சாரம் எல்லாம் வரிசையில் நிற்கும்.

காரணம் எழுதுவதுதான் இந்த வேலையில் மிகவும் கடினமானது. நம் மத்திய அரசின் புள்ளியியல் அமைச்சகம் பல ஆண்டுகளாக, 150 கோடி ரூபாயும் அதற்கு மேலும் ஆகும் மத்தியத் திட்டங்களைப் பற்றி மாத அறிக்கை வெளியிட்டு வருகிறது. எத்தனை திட்டம் பிந்துகிறது, செலவு எவ்வளவு கூடியது என்று அதில் இருக்கும். காரணங்களும் இருக்கும்: நிலம் கையகப்படுத்தல், வனத்துறை அனுமதி, டெண்டர் தாமதம், வேலையின் அளவு மாறியது, சட்டம் ஒழுங்கு என்று போகும். ஆனால் அந்தக் காரணங்களை, திட்டத்தை நடத்தும் அமைப்புகள் தெரிவித்தபடி என்று சொல்லித்தான் போடுவார்கள். அந்த ஒட்டு மிக முக்கியமானது. அமைச்சகம் ஒவ்வொரு சைட்டுக்கும் போய்ப் பார்க்கவில்லை. நிலம்தான் காரணம் என்று அது தீர்ப்புச் சொல்லவில்லை. நிலம் காரணம் என்று இன்னார் சொன்னார் என்கிறது. நீங்களும் அதையே செய்யுங்கள். "மழையால் 45 நாள் தாமதம்" என்று உங்கள் ரிப்போர்ட்டில் எழுதினால், அந்த நிமிடமே அது உங்கள் வாக்குமூலம் ஆகிவிடுகிறது. பின்னால் கால நீட்டிப்பு கேட்கும்போது ஒப்பந்ததாரர் உங்கள் ரிப்போர்ட்டையே சாட்சியாக வைப்பார். "மழையால் 45 நாள் என ஒப்பந்ததாரர் கூறுகிறார், ஸ்லைடு 9" என்று எழுதுங்கள். அடுத்த கட்டத்தில், அதற்கு என்ன ஆவணம் காட்டினார்கள், அந்த ஆவணம் என்ன சொல்கிறது என்று எழுதுங்கள். தீர்ப்பு எழுத வேறு ஆள் இருக்கிறார்.

மழையை எடுத்துக்கொள்வோம். கேட்டபோது அக்டோபர் 10 முதல் நவம்பர் 23 வரை என்று தேதி கொடுத்தார்கள். எண்ணினால் 45 வருகிறது. அதாவது அந்தக் காலத்தை மொத்தமாக மழை என்று போட்டுவிட்டார்கள். சைட் டைரியில் "மழை, வேலை இல்லை" என்று 14 நாள் எழுதியிருக்கிறது. சிமெண்ட் பதிவேட்டைப் பார்த்தால் 26 நாள் ஸ்டோரிலிருந்து மூட்டை வெளியே போயிருக்கிறது. சிமெண்ட் பதிவேடு எழுதுகிற ஸ்டோர்கீப்பருக்குத் தாமதச் சண்டையில் அக்கறை கிடையாது. மூட்டைக் கணக்கு உதைக்கக் கூடாது என்பதுதான் அவர் கவலை. அதனால்தான் அந்தப் பதிவேட்டை நான் மற்றவற்றை விட அதிகம் நம்புகிறேன். தள்ளியிருந்து பார்க்க வானிலைத் துறையின் மழைமானிப் பதிவும் உண்டு. இதோடு இன்னொன்றும் எழுத வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஐப்பசி கார்த்திகையில் வருவது இந்த ஊரில் யாருக்கும் புதிதல்ல. பதினைந்து மாதம் என்று கையெழுத்துப் போடும்போதே அது தெரியும். மழைக்காலமும் சேர்ந்ததே இந்தக் காலக்கெடு என்று ஒப்பந்தத்தில் விதி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் விதி எண்ணை மட்டும் குறிப்பிடுங்கள்.

எம்-சாண்ட் வேறு வகை. கிடைக்கவில்லை என்பதை வெளியில் இருக்கும் பொதுச் செய்தியோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும். 2025 ஏப்ரலில் கனிம நில வரியை எதிர்த்துக் கல்குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் தமிழ்நாடு முழுக்க வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த நாட்களைக் காட்டி ஒருவர் தட்டுப்பாடு என்றால் வெளிச்சான்று இருக்கிறது. நம் விடுதியில் ஜனவரி 20 முதல் பிப்ரவரி 13 வரை என்கிறார்கள். ஆர்டர் கொடுத்த தேதி, லாரி வந்த வே-பிரிட்ஜ் சீட்டு, சப்ளையருக்குப் பாக்கி இருக்கிறதா என்ற மூன்றையும் கேட்க வேண்டும். பாக்கி இருந்தால் அது தட்டுப்பாடு ஆகாது. மணல் இருந்தது, பணம் இல்லை.

அடுத்தது ஆள். டிசம்பர் 20 முதல் ஜனவரி 18 வரை 30 நாள் ஆள் இல்லை என்கிறார்கள். வருகைப் பதிவேட்டில் கம்பி கட்டுகிறவர்கள் 12 பேரிலிருந்து 4 பேராகக் குறைந்தது உண்மை. பொங்கலும் இடையில் இருக்கிறது. சரி என்று எழுதப் போகும்போது கடிதக் கோப்பில் ஒன்று தட்டுப்பட்டது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை இடம் மாற்ற உரிமையாளர் சொன்னதால், ரூஃபுக்குத் திருத்திய வரைபடம் கேட்டு நவம்பர் 25-ல் ஒப்பந்ததாரர் எழுதியிருக்கிறார். வரைபடம் வந்தது ஜனவரி 9-ல். 45 நாள். இது பிபிடியில் எங்கேயும் இல்லை. ஏன் இல்லை? எண்களையும் காரணங்களையும் கொடுத்தது ஒப்பந்ததாரர் என்றாலும், பிபிடியாகத் தயாரித்தவர் உரிமையாளர் அமர்த்திய ஆலோசகர். கூட்டத்தில் உரிமையாளரும் வரைபடம் கொடுத்தவரும் முன்வரிசையில் இருப்பார்கள். மழையைச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மழைக்கு வக்கீல் கிடையாது.

கம்பி கட்டுகிறவர்கள் போனது ஆள் பற்றாக்குறையாலா, வரைபடம் இல்லாமல் வேலை இல்லை என்பதாலா? உங்களுக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதவும் கூடாது. இரண்டு காலமும் டிசம்பர் 20 முதல் ஜனவரி 9 வரை மூன்று வாரம் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன என்பது தெரியும். அதை எழுதுங்கள். இதனால்தான் காரணங்களின் நாட்களைக் கூட்டக் கூடாது. மழையையும் ஆளையும் மணலையும் வரைபடத்தையும் கூட்டினால் 145 நாள் வரும். கட்டடம் பிந்தியதோ 90 நாள். காலண்டரில் நான்கையும் நான்கு கோடாகப் போட்டுக் காட்டினால் எது எதன் மேல் விழுகிறது என்று ஒரு பார்வையில் தெரியும். இந்த ஒன்றைத்தான் நான் படமாகப் போடச் சொல்வேன். பணமும் இதில்தான் இருக்கிறது. உரிமையாளரால் ஆன தாமதத்துக்கு ஒப்பந்ததாரருக்குக் கூடுதல் காலம் உண்டு, அபராதம் இல்லை. ஒப்பந்ததாரரால் ஆனதற்கு அபராதம் உண்டு. மத்தியப் பொதுப்பணித் துறை வேலைகளில் இதற்காகவே ஹிண்ட்ரன்ஸ் ரெஜிஸ்டர் என்று இடையூறுப் பதிவேடு வைக்கிறார்கள். இடையூறு தொடங்கிய நாளும் நீங்கிய நாளும் அன்றன்றே எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். உங்கள் தனியார் சைட்டில் அது இல்லையென்றால் நாளைக்கே ஒரு நோட்டு வாங்கி ஆரம்பியுங்கள். மாதக் கடைசியில் நினைவிலிருந்து எழுதுகிற காரணம் எப்போதும் மழையாகத்தான் இருக்கும்.

பிபிடியின் கடைசி ஸ்லைடு, "ஜூன் 30-க்குள் முடிக்க உறுதி" என்கிறது. உறுதியை அப்படியே கூறியவர் பெயரோடு எழுதுங்கள். கீழே ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். பதினோரு மாதத்தில் 46 என்றால் மாதத்துக்கு நாலு சொச்சம். மீதி 54-ஐ நாலு மாதத்தில் முடிக்க மாதத்துக்குப் பதிமூன்றரை வேண்டும். மும்மடங்குக்கு மேல். முடியவே முடியாது என்று எழுதிவிடாதீர்கள். முடிப்பு வேலைகள் பல இடத்தில் ஒரே நேரத்தில் ஓடும், வேகம் கூடத்தான் செய்யும். அந்த வேகத்துக்கு எத்தனை கொத்தனார், எத்தனை டைல்ஸ் ஆள் வேண்டும், இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைக் கேளுங்கள். பதில் வந்தால் ரிப்போர்ட்டில் சேருங்கள். வராவிட்டால் "கேட்கப்பட்டது, பதில் இல்லை" என்று தேதியோடு எழுதுங்கள்.

ரிப்போர்ட்டை மேலே அனுப்புவதற்கு முன் வரைவை ஒப்பந்ததாரருக்குக் கொடுத்து ஒரு வாரம் அவகாசம் விடுங்கள். அவர் மறுத்தால் மறுப்பைத் திருத்தாமல் பின்னிணைப்பாக வையுங்கள். அளவில் உங்கள் தவறு என்று எம்-புக்கைக் காட்டினால் மாற்றிவிடுங்கள். 46 என்பது 48 ஆகட்டும். அடுத்த மாத ரிப்போர்ட்டில் போன மாத எண் எது இருந்ததோ அதுவே பக்கத்தில் நிற்க வேண்டும். பிற்பாடு அளந்ததில் குறைந்தால், போன மாதப் பத்தியை ரப்பரால் அழிக்காமல், அடியில் காரணத்தை ஒரு வரி எழுதுங்கள்.

மாதிரிப் படிவம் கேட்டவர்களுக்கு, விடுதிக் கணக்கு முழுவதையும் இரண்டு பக்கத் தாளாக அடித்துக் கொண்டு வந்திருக்கிறேன். வாசலில் வைத்திருக்கிறது, ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். இனி உங்கள் கேள்விகள்.